விசிறியின் நான்காவது வயர்

கணினிக் கேபினெட்டில் காற்றை உள்ளிழுத்து வெளியே தள்ளும் விசிறிகளின் வயர், விரல் நுனி அளவே உள்ள ஒரு பிளக்கில் முடிகிறது. சில பிளக்குகளில் மூன்று துளைகள் இருக்கும், சிலவற்றில் நான்கு. அதைச் செருகுவதற்காக மதர்போர்டில் நிற்கும் ஹெடரிலும் அப்படியே மூன்று பின்களோ நான்கு பின்களோ இருக்கும். முதல் மூன்று வயர்களின் வேலை இரண்டு வகையிலும் ஒன்றுதான். முதலாவது கிரவுண்ட். இரண்டாவது 12 வோல்ட் மின்சாரத்தை விசிறிக்குக் கொண்டுவருகிறது. மூன்றாவது, விசிறி எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்ற தகவலை மதர்போர்டுக்குக் கொண்டுபோகிறது. நான்காவது இருந்தால், எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று மதர்போர்டு இடும் கட்டளை அதன் வழியே விசிறிக்குப் போகிறது. மோட்டாரைச் சுழற்றும் மின்சாரம் எதுவும் அந்த வயரில் போவதில்லை.

வயர்களின் நிறத்தை நம்பி வேலை செய்பவர்கள் ஓரிடத்தில் ஏமாறுவதுண்டு. மூன்று பின் விசிறிகளில் பெரும்பாலும் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்ற வரிசை இருக்கும். அதில் மஞ்சள்தான் வேகத் தகவல். நான்கு பின் விசிறிகளுக்கு இன்டெல் வகுத்த வரிசை கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம். இதில் மஞ்சள் 12 வோல்ட், பச்சை வேகத் தகவல், நீலம் கட்டளை. ஒரே மஞ்சள் ஒன்றில் தகவலையும் மற்றொன்றில் மின்சாரத்தையும் சுமக்கிறது. இப்போது வரும் பல விசிறிகளில் எல்லா வயர்களுமே கறுப்பாக இருப்பதால் நிறத்தைப் பார்த்துப் பயனில்லை. பின்னின் இடத்தைத்தான் எண்ண வேண்டும்.

வேகத் தகவல் எப்படிக் கிடைக்கிறது என்பது எளிமையானது. இந்த விசிறிகளின் மோட்டாரில் பிரஷ் கிடையாது. நடுக் குமிழுக்குள் மின்சுருள்களும், அவற்றுக்கு மின்னோட்டத்தை மாற்றி மாற்றித் தரும் ஒரு சிறிய சிப்பும், சுழலும் காந்தத்தின் நிலையை உணரும் ஹால் சென்சாரும் இருக்கின்றன. விசிறி ஒரு முறை சுற்றி முடிக்கும்போது மூன்றாவது வயரில் இரண்டு துடிப்புகள் எழும். நொடிக்கு 40 துடிப்புகள் வந்தால் விசிறி நொடிக்கு 20 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடுகிறது என்று மதர்போர்டு கணக்கிட்டுத் திரையில் காட்டுகிறது.

வேகத்தைத் தெரிந்துகொள்வது ஒன்று, மாற்றுவது வேறு. மூன்று பின் விசிறியின் வேகத்தை மாற்ற மதர்போர்டுக்கு உள்ள வழி ஒன்றுதான்: இரண்டாவது வயரில் வரும் 12 வோல்ட்டைக் குறைப்பது. பழைய வீடுகளில் மேற்கூரை விசிறிக்குச் சுவரில் வைத்திருந்த பெரிய ரெகுலேட்டர் செய்த வேலையும் ஏறக்குறைய இதுதான். 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடும் விசிறி, 7 வோல்ட்டில் சுமார் 700 சுற்றுக்கு இறங்கும். சத்தமும் அதோடு இறங்கும். பயாஸ் திரைகளில் இந்த முறைக்கு `DC` என்று பெயர்.

இந்த முறையின் குறை கீழ் எல்லையில் தெரியவரும். வோல்ட் குறையும்போது சுருள்களுக்கு மட்டுமல்ல, அவற்றை இயக்கும் சிப்புக்கும் ஹால் சென்சாருக்கும் கிடைக்கும் மின்சாரமும் சேர்ந்தே குறைகிறது. ஒரு அளவுக்குக் கீழே சிப் தன் வேலையைச் செய்ய முடியாமல் விசிறி நின்றுவிடும். பல விசிறிகளுக்கு அந்த எல்லை 4 அல்லது 5 வோல்ட்டை ஒட்டி இருக்கிறது. நின்ற விசிறியை மறுபடி கிளப்ப, ஓடிக்கொண்டிருப்பதற்குத் தேவையானதைவிடக் கூடுதல் வோல்ட் வேண்டும். அதனால் 4.5 வோல்ட்டில் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த விசிறி, கணினியை அணைத்துவிட்டு மறுபடி போடும்போது அதே 4.5 வோல்ட்டில் கிளம்பாமல் துடித்துக்கொண்டு நிற்கலாம்.

வோல்ட்டைக் குறைப்பதற்குப் பதிலாக, 12 வோல்ட்டையே விட்டுவிட்டு மிக வேகமாகத் தந்தால் என்ன என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். அதைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. ஆனால் மின்சாரம் விட்டுவிட்டு வந்தால் குமிழுக்குள் இருக்கும் சிப்பும் ஒவ்வொரு இடைவெளியிலும் அணைந்து எரியும். அது அணைந்திருக்கும் நேரத்தில் வேகத் துடிப்பும் வராது. மதர்போர்டின் கணக்கு தாறுமாறாகும். விட்டுவிடும் வேகம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருந்தால் சுருள்கள் முனகவும் செய்யும். ஆக, சிப்புக்கு 12 வோல்ட் தடையின்றி வர வேண்டும்; சுருள்களுக்குப் போகும் மின்னோட்டம் மட்டும் விட்டுவிட்டுப் போக வேண்டும். அதை விசிறிக்கு உள்ளேயே செய்ய வேண்டும் என்றால், எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதை வெளியிலிருந்து சொல்ல ஒரு வழி தேவை. நான்காவது வயர் பிறந்தது அதற்காகத்தான்.

அது பரவலான காலம் 2004. இன்டெல் நிறுவனம் அந்த ஆண்டு எல்ஜிஏ 775 சாக்கெட்டை அறிமுகப்படுத்தியது. அதில் வந்த பென்டியம் 4 சிப்களில் சிலவற்றின் வெப்ப அளவு 115 வாட்டைத் தொட்டது. அதற்கு முன்பு இன்டெல் தன் சிப்போடு பெட்டியில் தந்த கூலர், விசிறிக்குள் நுழையும் காற்றின் வெப்பத்தை அளந்து தானாகவே வேகத்தை மாற்றிக்கொண்டது. கேபினெட்டில் காற்று குளிர்ச்சியாக இருந்தும் சிப் சூடாக இருந்தால் அந்த விசிறிக்கு அது தெரிய வழியில்லை. நான்காவது வயர் வந்த பிறகு, சிப்பின் உண்மையான வெப்பத்தைப் பார்த்து மதர்போர்டே வேகத்தைத் தீர்மானிக்க முடிந்தது. அந்தக் கூலரை மூன்று பின் ஹெடரில் செருகினால், கட்டளை வராததால் விசிறி தன் பழைய முறைக்கே திரும்பி, காற்றின் வெப்பத்தைப் பார்த்து ஓடியது. பிராசசர் விசிறிக்கென்று வந்த இந்த ஏற்பாடு பின்னர் கேபினெட் விசிறிகளுக்கும் பரவியது.

நான்காவது வயரில் போகும் கட்டளைக்குத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று பெயர். திரையில் அது `PWM` என்று தெரியும். அந்த வயரின் மின்னழுத்தம் இரண்டு நிலைகளில் மட்டுமே இருக்கும்: மேலே அல்லது கீழே. இன்டெல்லின் விதிப்படி அது நொடிக்கு 25,000 முறை மேலேறி இறங்க வேண்டும். 21,000 முதல் 28,000 வரை இருந்தாலும் ஏற்கப்படும். மனிதக் காது ஏறக்குறைய 20,000க்கு மேல் கேட்பதில்லை என்பதால், இந்த வேகத்தில் துடிக்கும் எதுவும் முனகலாகக் காதில் விழாது. 25,000 முறை என்றால் ஒரு சுழற்சிக்குக் கிடைப்பது 40 மைக்ரோ நொடி. அதில் 12 மைக்ரோ நொடி மேலேயும் 28 மைக்ரோ நொடி கீழேயும் இருந்தால் அது 30 சதவீதக் கட்டளை. சரிபாதி என்றால் 50 சதவீதம். கீழேயே இறங்காமல் இருந்தால் 100 சதவீதம், முழு வேகம். நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடும் விசிறி ஒரு சுற்றை முடிக்க 50 மில்லி நொடி ஆகும். அந்த ஒரு சுற்றுக்குள் 1250 முறை கட்டளை வந்து போய்விடும். அதனால் விசிறியின் ஓட்டத்தில் உதறல் எதுவும் தெரியாது.

இந்த ஏற்பாட்டில் கூர்ந்து கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. நான்காவது வயரை மேல்நிலையில் வைத்திருப்பது மதர்போர்டு இல்லை, விசிறி. விசிறிக்குள் இருக்கும் ஒரு சிறு மின்தடை அதை 5 வோல்ட் அளவுக்கு உயர்த்திப் பிடித்திருக்கிறது. மதர்போர்டால் செய்ய முடிந்தது அதைக் கிரவுண்டோடு இணைத்துக் கீழே இழுப்பது மட்டுமே. அதாவது மதர்போர்டு விசிறியை "ஓடு" என்று ஏவுவதில்லை. "இவ்வளவு நேரம் ஓய்ந்திரு" என்று தடுக்கிறது. நான்காவது வயர் அறுந்தாலோ, மதர்போர்டில் கட்டளை தரும் பகுதி செயலிழந்தாலோ, பிளக்கை மூன்று பின் ஹெடரில் செருகினாலோ, தடுக்க ஆளின்றி விசிறி முழு வேகத்தில் ஓடும். கோளாறு வந்தால் சூடு ஏறுவதற்குப் பதிலாகச் சத்தம் ஏறும்படி அமைத்திருப்பது நல்ல பொறியியல்.

12 வோல்ட் எப்போதும் குறையாமல் கிடைப்பதால், நான்கு பின் விசிறி மிகக் குறைந்த வேகத்திலும் நிலையாக ஓடும். முழு வேகத்தில் 30 சதவீதம் வரையாவது இறங்க வேண்டும் என்பது இன்டெல்லின் விதி. அந்த 30 சதவீதக் கட்டளையிலேயே நின்ற நிலையிலிருந்து கிளம்பவும் வேண்டும். நடைமுறையில் பல விசிறிகள் இதைவிடவும் கீழே போகின்றன. நாக்டுவா நிறுவனத்தின் `NF-A12x25 PWM` விசிறியின் உச்சம் 2000 சுற்று, அடிமட்டம் சுமார் 450 சுற்று. கட்டளை இன்னும் குறைந்தால் என்ன நடக்கும் என்பது தயாரிப்பாளரின் விருப்பம். சில விசிறிகள் அடிமட்ட வேகத்துக்குக் கீழே இறங்க மறுக்கும். சில, பூஜ்ஜியம் என்ற கட்டளைக்கு முழுதாக நின்றுவிடும். கணினி சும்மா இருக்கும்போது விசிறி நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர், வாங்கும் முன் இந்த ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பிளக்குகளின் வடிவமைப்பு இரண்டு வகைகளும் கலந்து பழகும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஹெடரின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் நாக்கு நிற்கிறது. அது முதல் மூன்று பின்களுக்கு நேராக மட்டுமே உள்ளது. பிளக்கில் உள்ள இரண்டு மேடுகள் அந்த நாக்கைக் கவ்விக்கொள்ளும். அதனால் மூன்று துளைப் பிளக் நான்கு பின் ஹெடரில் ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும்; நான்காவது பின் வெறுமனே வெளியே நிற்கும். நான்கு துளைப் பிளக் மூன்று பின் ஹெடரிலும் அப்படியே உட்காரும். நான்காவது துளை விளிம்புக்கு வெளியே தொங்கும். இரண்டிலும் எதுவும் எரிந்துபோகாது. ஆனால் செருக முடிகிறது என்பதாலேயே வேகக் கட்டுப்பாடும் கிடைத்துவிடும் என்று எண்ணுவதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன.

ஒரு உதாரணத்தை முழுமையாகப் பார்க்கலாம். புதிதாகக் கட்டிய கணினி ஒன்று. கேபினெட்டோடு வந்த விசிறிகள் மூன்று பின், 1200 சுற்று வகை. மதர்போர்டின் ஹெடர்கள் எல்லாம் நான்கு பின். கணினி சும்மா இருக்கும்போதும் விசிறிகள் ஒரே சீராக இரைகின்றன. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் `CHA_FAN1` என்ற வரியில் 1200 சுற்று என்று காட்டுகிறது. வெப்பத்துக்கேற்ற வேகக் கோட்டை எவ்வளவு கீழே இழுத்து வைத்தாலும் எண் அசையவில்லை. விசிறியில் குறை என்று முடிவுகட்டி மாற்றிவிடுபவர்கள் உண்டு. குறை அங்கே இல்லை. அந்த ஹெடர் `PWM` முறையில் இருக்கிறது. இரண்டாவது பின்னில் 12 வோல்ட்டைக் குறைக்காமல் தந்துகொண்டு, வேகத்தைக் குறைக்கும் கட்டளையை நான்காவது பின்னில் அனுப்புகிறது. அந்தப் பின்னிலோ வயரே இல்லை. கட்டளை யாரையும் சேராததால் விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது.

தீர்வு பயாஸிலேயே இருக்கிறது. ஏசஸ் போர்டுகளில் `Q-Fan`, கிகாபைட்டில் `Smart Fan`, எம்எஸ்ஐயில் `Hardware Monitor` என்று பெயர் வேறுபடும். உள்ளே ஒவ்வொரு ஹெடருக்கும் `PWM`, `DC`, `Auto` என்ற தேர்வுகள் இருக்கும். அதை `DC` என்று மாற்றியதும் இரண்டாவது பின்னின் வோல்ட் குறையத் தொடங்கும், எண்ணும் இறங்கும். இனி அடிமட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கோட்டை 60, 50, 40 சதவீதம் என்று படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் வேகம் நிலைபெறும் வரை காத்திருக்க வேண்டும். 40 சதவீதம் என்றால் சுமார் 4.8 வோல்ட். அங்கே எண் தடுமாறியோ பூஜ்ஜியமாகவோ போனால் 50க்குத் திரும்பி, கணினியை முழுதாக அணைத்துப் போட்டு, விசிறி தானாகக் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். கிளம்பினால் அதுவே அந்த விசிறியின் அடிமட்டம்.

இதற்கு எதிரான தவறும் நடக்கிறது. நான்கு பின் விசிறியை நான்கு பின் ஹெடரில் செருகி, பயாஸில் `DC` என்று விட்டுவிடுவது. விசிறி ஓடும், வேகமும் மாறும், எந்தப் புகாரும் எழாது. ஆனால் நான்காவது வயர் வேலையின்றி இருக்கும். விசிறி மூன்று பின் விசிறியைப் போலவே வோல்ட்டைக் குறைத்துத்தான் கட்டுப்படுத்தப்படும். 450 சுற்றுக்கு இறங்கக்கூடியது அதற்கு முன்பே நின்றுவிடக்கூடும். `Auto` என்ற தேர்வு இந்த இரண்டு தவறுகளையும் தவிர்க்க முயல்கிறது: கட்டளையைக் குறைத்துப் பார்த்து, வேகம் இறங்கினால் நான்கு பின் என்றும், இறங்காவிட்டால் மூன்று பின் என்றும் முடிவு செய்கிறது. ஒரே ஹெடரில் பல விசிறிகள் தொங்கும்போது இந்த ஊகம் பிழைக்கலாம் என்பதால், கையாலேயே தேர்ந்தெடுப்பது மேல். பழைய போர்டுகள் சிலவற்றில் கேபினெட் விசிறிக்கான ஹெடருக்கு நான்கு பின் இருந்தும், நான்காவதில் கட்டளை எதுவும் வராது; வோல்ட் மாற்றும் முறை மட்டுமே இருக்கும். போர்டின் கையேட்டில் ஒவ்வொரு பின்னுக்கும் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் இது தெரிந்துவிடும்.

விசிறிகள் அதிகம், ஹெடர்கள் குறைவு என்ற நிலையில் ஸ்ப்ளிட்டர் கைகொடுக்கும். ஒரே கட்டளையை இரண்டு மூன்று விசிறிகள் பகிர்ந்துகொள்ளலாம். வேகத் தகவலைப் பகிர முடியாது. இரண்டு விசிறிகளின் துடிப்புகள் ஒரே வயரில் கலந்தால் மதர்போர்டுக்குக் கிடைக்கும் எண் பொய்யாகிவிடும். அதனால்தான் ஸ்ப்ளிட்டரின் ஒரு முனையில் எல்லாப் பின்களும் இருக்க, மற்ற முனைகளில் மூன்றாவது பின் இல்லாமல் வருகிறது. அதை உடைந்த பொருள் என்று கடையில் திருப்பித் தர வேண்டியதில்லை. அந்த முனைகளில் உள்ள விசிறி நின்றுபோனாலும் திரையில் தெரியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான ஹெடர்கள் தரக்கூடிய மின்னோட்டம் 1 ஆம்பியர். சாதாரண 120 மில்லிமீட்டர் விசிறி 0.1 முதல் 0.2 ஆம்பியர் வரை எடுக்கும். கிளம்பும் கணத்தில் அதைவிடக் கூடுதலாக எடுக்கும். ஒரு ஹெடருக்கு மூன்று விசிறி என்பது அச்சமில்லாத அளவு.

அதற்கு மேல் வேண்டுமானால் ஹப் வாங்க வேண்டும். இது 12 வோல்ட்டை பவர் சப்ளையிலிருந்து நேராக எடுத்துக்கொண்டு, மதர்போர்டிலிருந்து கட்டளையை மட்டும் வாங்கிப் பிரித்துத் தரும். இப்படிப்பட்ட ஹப்பில் மூன்று பின் விசிறியைச் செருகினால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். பயாஸில் எதை மாற்றினாலும் பயன் இல்லை, ஏனென்றால் அதன் 12 வோல்ட் மதர்போர்டின் கையில் இல்லை. நான்கு பின் விசிறிகளையே செருகியிருந்தாலும், ஹப்போடு இணைந்த ஹெடர் `DC` முறையில் இருந்தால் கட்டளை வராது; எல்லா விசிறிகளும் ஒருசேர இரையும்.

கடைகளில் நான்கு பின் என்ற பெயரில் இன்னொரு பிளக்கும் விற்பனையில் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்குகளுக்கு மின்சாரம் தந்த பெரிய வெள்ளைப் பிளக் அது. அதன் நான்கு வயர்களில் ஒன்று 12 வோல்ட், ஒன்று 5 வோல்ட், மற்ற இரண்டும் கிரவுண்ட். விலை குறைந்த கேபினெட் விசிறிகள் சில இந்தப் பிளக்கோடு வருகின்றன. அவை பவர் சப்ளையில் நேராகச் சேருவதால் வேகத் தகவலும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. இந்தக் கட்டுரையில் சொன்ன நான்காவது வயருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

புதிதாக வாங்குகிறவருக்கு நான்கு பின் விசிறியே சரியான தேர்வு. குறைந்த வேகத்தில் கிடைக்கும் அமைதி விலை வித்தியாசத்துக்குத் தகும். கேபினெட்டில் ஏற்கெனவே மூன்று பின் விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தால் அவற்றைக் கழற்றிப் போட அவசரம் வேண்டாம். ஹெடரை `DC` முறைக்கு மாற்றி, அடிமட்டத்தைச் சோதித்துப் பார்த்த பிறகும் சத்தம் பொறுக்கவில்லை என்றால் மட்டும் பணத்தைச் செலவழிக்கலாம்.